எக்செல் பில்லில் வரி தப்பினால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஈரோட்டில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் சில கடைகளுக்கு எக்செல்லில் பில் டெம்ப்ளேட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். போட்டுக் கொடுப்பது ஒரு மாலை வேலைதான். அப்புறம் வரும் போன்கள்தான் வருடக்கணக்கில் நீளும். திரும்பத் திரும்ப வரும் கோளாறு ஏழெட்டுக்கு மேல் இல்லை என்பதால், எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்க்க வேண்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், ஆடிட்டரையோ வேறு ஆளையோ கூப்பிட வேண்டிய இடம் கடைசியில் வரும்.

முதலில் டெம்ப்ளேட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தெரிந்துகொண்டால்தான் கீழே வரும் செல் எண்கள் புரியும்.

கோப்பில் இரண்டு ஷீட். `Bill` என்பது அச்சாகும் பில். `Rates` என்பது வரி விகிதப் பட்டியல். `Rates`-இல் A-யில் எச்எஸ்என் எண், B-யில் பொருள், C-யில் வரி விகிதம். A முழுவதும் Text வடிவத்தில் இருக்க வேண்டும். மளிகையில் மஞ்சள்தூள் 0910, மிளகாய்த்தூள் 0904, நெய் 0405 என்று பூஜ்யத்தில் தொடங்கும் எண்கள் நிறைய. வடிவத்தை முதலில் Text ஆக்கிவிட்டு எண்ணை அடிக்க வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பி வராது.

`Bill`-இல் 12 முதல் 31 வரை இருபது வரிசைகள் சரக்குக்கு. B எச்எஸ்என், C பொருள், D அளவு, E விலை. இந்த நான்கை மட்டும்தான் கணக்கர் நிரப்புவார். F மதிப்பு, G வரி விகிதம், H, I, J மூன்றும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி. மேலே C7-இல் வாங்குபவரின் மாநிலக் குறியீடு; தமிழ்நாட்டுக்கு 33. B12 முதல் B31 வரையிலான செல்களும் C7-உம் Text வடிவம். 12-ஆம் வரிசையின் ஃபார்முலாக்கள் இவை, 31 வரை கீழே இழுத்துக்கொள்ளலாம்:

```
F12: =IF($B12="","",ROUND($D12*$E12,2))
G12: =IF($B12="","",VLOOKUP($B12,Rates!$A$2:$C$60,3,FALSE))
H12: =IF($B12="","",IF($C$7&""="33",ROUND($F12*$G12/2,2),0))
J12: =IF($B12="","",IF($C$7&""="33",0,ROUND($F12*$G12,2)))
```

I12-இல் H12-இன் ஃபார்முலாவே. 32-ஆம் வரிசையைச் சாம்பல் நிறத்தில் மெலிதாக, காலியாக விட்டு, 33-இல் கூட்டுத்தொகை வைத்திருக்கிறேன். நிரப்பும் செல்களின் பூட்டை எடுத்துவிட்டு, ஷீட்டைப் பாதுகாத்து, `.xltx` ஆகச் சேமித்தால் டெம்ப்ளேட் தயார். இனி கோளாறுகள்.

## அறிகுறி 1: வரி விகிதத்தில் #N/A வருகிறது

"அண்ணா, மஞ்சள்தூள் போட்டா மட்டும் என்னமோ என்ஏ-ன்னு வருதுங்க. சோப்புத்தூளுக்கு நல்லா வருது." இந்தப் போன் எனக்கு மாதம் ஒரு தடவையாவது வரும். ஒரு பொருளுக்கு வந்து இன்னொன்றுக்கு வராமல் இருந்தாலே பாதி விடை கிடைத்துவிட்டது. ஃபார்முலாவில் பழுதில்லை, அந்த எண்ணில்தான் பழுது.

பட்டியலில் எண் இருக்கிறதா? `Rates` ஷீட்டில் கண்ணால் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் சேர்த்தால் முடிந்தது. சேர்க்கும்போது 60-ஆவது வரிசையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபார்முலா அதற்கு மேல் தேடாது.

எண் இருக்கிறது, முதல் பூஜ்யம் இருக்கிறதா? 0910 என்று அடித்தது 910 ஆகியிருக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிலர் 0000 என்ற எண் வடிவத்தை வைத்து 0910 என்றே காட்டிவிடுவார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், உள்ளே இருப்பது 910-தான். அதனால் கண்ணை நம்பாமல் `Rates` ஷீட்டில் ஒரு காலிச் செல்லில் இதை அடியுங்கள்:

```
=ISTEXT(A4)
=LEN(A4)
```

TRUE என்றும் 4 என்றும் வர வேண்டும். FALSE வந்தால் அது எண்ணாகக் கிடக்கிறது. செல்லை Text ஆக்கி மறுபடி அடியுங்கள். பில் பக்கத்து B12-க்கும் `=ISTEXT(Bill!B12)` என்று இதே சோதனை.

எனக்கு வந்த போன்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒரு பச்சை முக்கோணம். Text-ஆக எண் இருந்தால் எக்செல் செல்லின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் போடும். அதைத் தொட்டால் `Convert to Number` என்று கேட்கும். ஏதோ தவறு இருக்கிறது என்று நினைத்து நல்ல மனதோடு யாராவது அழுத்திவிடுவார்கள். மொத்தப் பட்டியலையும் தேர்ந்தெடுத்து அழுத்தினால் 0910, 0904, 0405 மூன்றும் ஒரே நொடியில் போய்விடும். சோப்புத்தூளின் 3402-ம் எண்ணாக மாறிவிடும் என்பதால் அப்போது எல்லாப் பொருளுக்கும் #N/A வரும். அந்த மெனுவிலேயே `Ignore Error` இருக்கிறது. அதை அழுத்தி முக்கோணத்தை எடுத்துவிட்டுத்தான் டெம்ப்ளேட்டைக் கையில் கொடுக்க வேண்டும்.

நீளம் 4-க்குப் பதில் 5 வருகிறதா? கூடவே ஒரு இடைவெளி ஒட்டியிருக்கிறது. கையால் அடித்ததென்றால் அழித்தால் போகும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியதென்றால் அது சாதாரண இடைவெளியாக இல்லாமல் இருக்கலாம். TRIM அதைத் தொடாது. இப்படிச் செய்யலாம்:

```
=TRIM(SUBSTITUTE(A4,CHAR(160),""))
```

இதற்கெல்லாம் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். #N/A பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று IFERROR போட்டு 0 ஆக்காதீர்கள். அந்த #N/A கூட்டுத்தொகை வரை ஏறி, தப்பான பில் வெளியே போகாமல் தடுத்து நிற்கிறது. 0 ஆக்கினால் பில் அழகாக அச்சாகும், வரியே இல்லாமல்.

## அறிகுறி 2: எந்தப் பிழையும் வரவில்லை, ஆனால் விகிதம் தப்பு

இதுதான் உண்மையிலேயே பணத்தைத் தின்னும் கோளாறு. #N/A கத்திச் சொல்லும். இது வாயே திறக்காது.

ஒரு கடையில் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். அவர்கள் பட்டியலில் 0405, 0904, 0910, 2501, 3401, 3402 என்று ஆறு எண்கள்தான், ஏறுவரிசையில். புதிதாகத் தலைக்கு வைக்கும் எண்ணெய் விற்கத் தொடங்கினார்கள். அதன் எண் 3305, வரி 5 சதவீதம். பட்டியலில் சேர்க்கவில்லை. நியாயமாக #N/A வந்திருக்க வேண்டும். ஆனால் வேறு யாரோ போட்டுக் கொடுத்த அந்த டெம்ப்ளேட்டில் VLOOKUP-இன் கடைசியில் FALSE இல்லை. அது இல்லாவிட்டால் எக்செல் TRUE என்று எடுத்துக்கொள்ளும். அதாவது, எண் கிடைக்காவிட்டால் அதற்கு முந்தைய சிறிய எண்ணை எடுத்துக்கொள். 3305-க்கு முந்தையது 2501. அது உப்பு. உப்புக்கு வரி 0.

48 பாட்டில், பாட்டில் 95 ரூபாய். மதிப்பு 4,560. வரி 228 ரூபாய் வந்திருக்க வேண்டும். 0 வந்தது. பில்லைப் பார்த்த கணக்கருக்கு எதுவும் உறுத்தவில்லை, ஏனென்றால் அதே பில்லில் உப்பும் இருந்தது, அதற்கும் 0. பதினொரு பில் இப்படிப் போன பிறகு, மாதக் கணக்கு அனுப்பும்போதுதான் தெரிந்தது.

சோதனை ஒன்று. பட்டியலில் நிச்சயம் இல்லாத 9999 என்ற எண்ணை B12-இல் அடியுங்கள். #N/A வந்தால் டெம்ப்ளேட் சரி. ஏதாவது விகிதம் வந்தால் ஃபார்முலாவின் கடைசியில் FALSE சேருங்கள். எந்த டெம்ப்ளேட்டைக் கையில் வாங்கினாலும் நான் முதலில் செய்வது இந்த 9999 சோதனைதான்.

சோதனை இரண்டு. `Rates`-இல் எண் இருந்து, விகிதம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலிச் செல்லை VLOOKUP 0 என்றே கொண்டுவரும். இதைப் பிடிக்க அச்சுப் பகுதிக்கு வெளியே, L2-இல் ஒரு காவல் வைத்திருக்கிறேன்:

```
=COUNTIF(G12:G31,0)
```

பூஜ்ய வரியில் எத்தனை வரிசை என்று இது காட்டும். உப்பு மட்டும் விற்றிருந்தால் 1 வர வேண்டும். 2 வந்தால் அச்சடிக்கும் முன் திரும்பிப் பார்க்க வேண்டும்.

சோதனை மூன்று. ஒரே எச்எஸ்என்னில் இரண்டு விகிதம் இருக்கிறதா? 22.9.2025 முதல் வந்த வரி மாற்றத்துக்குப் பிறகு மளிகையில் இது பெரிய தலைவலி. குளியல் சோப்புக் கட்டி 3401, வரி 18-லிருந்து 5 ஆனது. கை கழுவும் திரவ சோப்பும் 3401-தான், அது 18-லேயே நிற்கிறது. VLOOKUP மேலிருந்து பார்த்து முதலில் கிடைப்பதை எடுக்கும், அடுத்ததைப் பார்க்கவே பார்க்காது. திரவ சோப்பு 5 சதவீதத்தில் போய்விடும்.

இதற்கு நான் செய்வது: பட்டியலில் 3401-1, 3401-2 என்று இரண்டு வரிசை. முதலாவது கட்டி, இரண்டாவது திரவம். B-யில் கணக்கர் அதையே தேர்ந்தெடுப்பார். அச்சாகும் பில்லில் வால் தெரியக் கூடாது என்பதால் B-யை அச்சுப் பகுதிக்கு வெளியே விட்டு, அச்சாகும் இடத்தில் `=LEFT(B12,4)` போட்டுவிடுவேன். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ள கடைகள் இன்னொரு வணிகருக்குப் போடும் பில்லில் நான்கு இலக்கம் போதும். அதற்கு மேல் என்றால் ஆறு இலக்கம் வேண்டும், பட்டியலிலும் ஆறு இலக்க எண்ணைப் போட்டு LEFT-இல் 6 ஆக்க வேண்டும்.

ஆடிட்டரைக் கூப்பிட வேண்டிய இடம். தப்பான விகிதத்தில் பில் வெளியே போய்விட்டால் எக்செல்லில் திருத்தி அதே எண்ணில் இன்னொரு பில் கொடுத்துவிடக் கூடாது. வரி குறைவாகப் போட்டிருந்தால் டெபிட் நோட், கூடுதலாகப் போட்டிருந்தால் கிரெடிட் நோட். அந்த மாத ரிட்டர்ன் போய்விட்டதா என்பதைப் பொறுத்து அடுத்தது மாறும். அந்தக் கடைக்காரரும் பதினொரு பில்லின் எண், தேதி, தொகை, வித்தியாசம் என்று ஒரே தாளில் எழுதி ஆடிட்டரிடம் கொடுத்தார். அப்படிக் கொண்டுபோனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். எந்தப் பொருளுக்கு எந்த விகிதம் என்ற சந்தேகத்தையும் அவரிடமே கேளுங்கள்.

## அறிகுறி 3: உள்ளூர் பில்லுக்கும் ஐஜிஎஸ்டி விழுகிறது

C7 காலியா? மாநிலக் குறியீடு இல்லையென்றால் ஃபார்முலா வெளிமாநிலம் என்றே எடுத்துக்கொள்ளும். டெம்ப்ளேட்டிலேயே 33 என்று போட்டு வைத்துவிட்டு, வெளிமாநிலத்துக்கு மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கேரளா 32, கர்நாடகா 29. புதுச்சேரி 34; பக்கத்து ஊர் மாதிரி இருந்தாலும் தமிழ்நாட்டிலிருந்து அங்கே போகும் சரக்குக்கு ஐஜிஎஸ்டிதான்.

எல்லா உள்ளூர் பில்லிலும் அப்படியா? ஃபார்முலாவில் 33-ஐ மேற்கோள் குறி இல்லாமல் எழுதியிருப்பார்கள். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை LEFT-ஆல் எடுத்து ஒப்பிடும் டெம்ப்ளேட்டுகளில் இது சகஜம்:

```
தப்பு:  =IF(LEFT($C$6,2)=33, ...
சரி:   =IF(LEFT($C$6,2)="33", ...
```

LEFT தருவது எழுத்து, 33 என்பது எண். இரண்டும் ஒருநாளும் சமமாகாது. இன்னொரு சிக்கல், ஜிஎஸ்டி எண் இல்லாத சின்னக் கடைக்காரர் வாங்கினால் LEFT-க்கு எடுக்க ஒன்றுமே இருக்காது, அந்த பில்லும் ஐஜிஎஸ்டிக்குப் போய்விடும். மாநிலக் குறியீட்டுக்கு C7 என்று தனிச் செல் வைத்தது இதனால்தான்.

பில் ஒரு மாநிலத்துக்கு, சரக்கு இறங்குவது இன்னொரு மாநிலத்தில் என்று வந்தால் ஃபார்முலாவைத் தொடாதீர்கள். அது ஆடிட்டர் சொல்ல வேண்டியது.

## அறிகுறி 4: கூட்டுத்தொகை மாறவே இல்லை, அல்லது குறைவாக வருகிறது

எதை மாற்றினாலும் பழைய தொகையே நிற்கிறது. F9 அழுத்துங்கள். உடனே மாறினால் கணக்கீடு கைமுறையில் இருக்கிறது. `Formulas` > `Calculation Options` > `Automatic`. அடுத்த நாளும் இதே கதை என்றால், காலையில் முதலில் திறக்கும் கோப்பைப் பாருங்கள். எக்செல் அன்று முதலில் திறந்த கோப்பின் முறையையே அப்புறம் திறக்கும் எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்ளும். ஒரு கடையில் பெரிய ஸ்டாக் கோப்பு கைமுறையில் இருந்தது, அதை முதலில் திறக்கும் நாட்களில் மட்டும் பில் படுத்துக்கொண்டது.

தொகை சரி, மொத்த மூட்டை எண்ணிக்கை குறைகிறது. D-யில் ஏதோ ஒரு அளவு எழுத்தாகக் கிடக்கிறது. பெருக்கும்போது எக்செல் அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும், SUM மட்டும் ஒதுக்கிவிடும். இடதுபக்கம் ஒட்டி நிற்கும் எண்தான் குற்றவாளி. செல்லை General ஆக்கி மறுபடி அடியுங்கள். "12 கிலோ" என்று அலகோடு அடித்திருந்தால் #VALUE! வந்து முன்பே காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசிப் பொருள் மட்டும் கூட்டலில் சேரவில்லை. பாதுகாப்பை நீக்கிவிட்டுக் கூட்டுத்தொகைக்கு நேர் மேலே வரிசை நுழைத்திருப்பார்கள். அந்தச் சாம்பல் வரிசையை SUM-க்குள் சேர்த்தது இதற்காகத்தான்:

```
F33: =SUM(F12:F32)
```

சாம்பல் வரிசைக்கு மேலே நுழைத்தால் கூட்டல் தானாக விரியும். புது வரிசைக்கு ஃபார்முலாக்களை நகலெடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இருபது வரிசை அடிக்கடி போதவில்லை என்றால் நாற்பது வரிசையில் இன்னொரு டெம்ப்ளேட் வைத்துக்கொள்வதே நல்லது. எக்செல் டேபிள் போட்டால் தானாக நீளுமே என்று கேட்பார்கள். பூட்டிய ஷீட்டில் அது நீளாது.

## அறிகுறி 5: கால்குலேட்டரில் கூட்டினால் ஒரு பைசா இடிக்கிறது

வாங்குபவரின் கணக்கர் இதைத்தான் முதலில் பிடிப்பார். 5 சதவீதத்தில் மூன்று பொருள், மதிப்பு 333.30, 413.30, 173.30. சிஜிஎஸ்டி 2.5 சதவீதம். உள்ளே இருப்பது 8.3325, 10.3325, 4.3325. பில்லில் தெரிவது 8.33, 10.33, 4.33. தெரிவதைக் கூட்டினால் 22.99. உள்ளே இருப்பதைக் கூட்டினால் 22.9975, அது 23.00 என்று அச்சாகும்.

இரண்டு தசமம் காட்டும் வடிவம் எண்ணை மாற்றாது, காட்சியை மட்டும் மாற்றும். ஒவ்வொரு வரிசையிலும் ROUND போட்டால்தான் தீரும். மேலே கொடுத்த ஃபார்முலாவில் அது இருக்கிறது. மொத்த வரியைக் கணக்கிட்டு இரண்டால் வகுக்காமல், சிஜிஎஸ்டியையும் எஸ்ஜிஎஸ்டியையும் தனித்தனியே கணக்கிட்டுத் தனித்தனியே ROUND செய்ய வேண்டும். மொத்தத் தொகையை முழு ரூபாயாக்க வேண்டுமென்றால் அந்தச் சில்லறைக்கு `ROUND(மொத்தம்,0)-மொத்தம்` என்று தனி வரிசை வையுங்கள்.

எக்செல் அமைப்புகளில் `Set precision as displayed` என்று ஒன்று உண்டு. ஒரே கிளிக்கில் தீர்ந்தது போலத் தெரியும். அது கோப்பிலுள்ள எண்களையே நிரந்தரமாக வெட்டிவிடும். தொடாதீர்கள்.

## அறிகுறி 6: பூட்டு தகராறு செய்கிறது

எந்தச் செல்லிலும் அடிக்க முடியவில்லை. எக்செல்லில் எல்லாச் செல்லும் பிறக்கும்போதே பூட்டோடு பிறக்கும். ஷீட்டைப் பாதுகாத்தால்தான் பூட்டு வேலை செய்யும். அதனால் முதலில் நிரப்பும் செல்களைத் தேர்ந்தெடுத்து, Ctrl+1, `Protection`, அங்கே `Locked` குறியை எடுக்க வேண்டும். அப்புறம்தான் `Review` > `Protect Sheet`. எனக்கு நிரப்பும் செல்கள் B5, C5, C6, C7, பில் எண், தேதி, B12 முதல் E31 வரை.

நேற்று வரை அடிக்க முடிந்த ஒரு செல் மட்டும் இன்று பூட்டிக்கொண்டது. பூட்டிய செல் ஒன்றை நகலெடுத்து இங்கே ஒட்டியிருப்பார்கள். எண்ணோடு பூட்டும் சேர்ந்து வந்துவிடும். வேறு கோப்பிலிருந்து ஒட்டினாலும் இதே கதை, ஏனென்றால் அங்கேயும் செல்கள் பூட்டோடுதான் இருக்கும். பாதுகாப்பை நீக்கி அந்தச் செல்லைத் திறந்துவிட்டு, இனி `Paste Special` > `Values` மட்டும் என்று பழக்குங்கள்.

பூட்டிய ஃபார்முலாவே #REF! ஆகிவிட்டது. "நான் ஃபார்முலாவத் தொடவே இல்லைங்கண்ணா" என்பார்கள். நம்புங்கள், தொட்டிருக்க மாட்டார்கள். 14-ஆம் வரிசையில் அடித்த அளவை 13-க்கு மாற்ற, Ctrl+X போட்டு ஒட்டியிருப்பார்கள், அல்லது செல்லின் ஓரத்தைப் பிடித்து மவுஸால் இழுத்திருப்பார்கள். இரண்டும் திறந்த செல்கள், எக்செல் தடுக்காது. ஆனால் D14 இடம் மாறியதும் F14-இன் ஃபார்முலா அதைத் தேடி D13-க்குப் போகும். D13-ஐ நம்பியிருந்த F13 தரைமட்டமாகி #REF! ஆகும். பூட்டு தட்டச்சைத்தான் தடுக்கும், இதைத் தடுக்காது.

உடனே கவனித்தால் Ctrl+Z போதும். தாமதமாகிவிட்டால் டெம்ப்ளேட்டிலிருந்து புது பில் திறந்து மறுபடி அடிப்பதே குறைந்த வேலை. ஒரே கடையில் இது அடிக்கடி நடந்தால் ஃபார்முலாவை இப்படி மாற்றிவிடுவேன்:

```
=IF(INDEX($B:$B,ROW())="","",
 ROUND(INDEX($D:$D,ROW())*INDEX($E:$E,ROW()),2))
```

இது குறிப்பிட்ட செல்லைப் பிடித்துக்கொள்ளாமல், தான் நிற்கும் வரிசையில் D-யில் என்ன இருக்கிறது என்று பார்க்கும். வெட்டி ஒட்டினாலும் அசையாது. கணினியில் `File` > `Options` > `Advanced` சென்று `Enable fill handle and cell drag-and-drop` குறியை எடுத்துவிட்டால் மவுஸ் இழுப்பும் நின்றுவிடும்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் மீட்டுத் தராது. இணையத்தில் கிடைக்கும் உடைக்கும் மென்பொருள்களை பில் போடும் கணினியில் ஏற்றாதீர்கள். டெம்ப்ளேட் போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள், அவரிடம் பூட்டாத மூலப் பிரதி இருக்க வேண்டும். நான் கொடுக்கும்போதே பாஸ்வேர்டைக் கடையின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்வேன். இந்தப் பூட்டு கைதவறலைத் தடுக்கத்தான், திருடனைத் தடுக்க அல்ல. அதனால் நோட்டில் எழுதுவதில் தப்பில்லை.

## அறிகுறி 7: பழைய பில்லைத் திறந்தால் வேறு தேதி, வேறு வரி

தேதி இன்றைய தேதியாக இருக்கிறது. தேதிச் செல்லில் `=TODAY()` இருக்கிறது. திறக்கும் நாளெல்லாம் மாறும். அழித்துவிட்டு, பில் போடும்போது Ctrl+; அழுத்தச் சொல்லுங்கள். அன்றைய தேதி நிலையாக விழும்.

புது பில்லில் பழைய வாடிக்கையாளர் பெயர் வருகிறது. டெம்ப்ளேட்டின் மேலேயே பில் சேமிக்கப்பட்டிருக்கிறது. `.xltx` கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் புது நகல் திறக்கும். எக்செல்லுக்குள்ளிருந்து `Open` வழியாகத் திறந்தால் மூலமே திறக்கும். காலிப் பிரதியை மறுபடி எடுத்து வைத்து, கோப்பின் `Properties`-இல் `Read-only` போட்டுவிடுங்கள். பில் எண்ணையும் தானாக ஏற்ற முயலாமல் கையால் அடிக்கச் சொல்வேன். கோப்பு கோப்பாக இருக்கும் முறையில் எக்செல்லுக்கு முந்தைய எண் தெரியாது. ERD/25-26/0147 மாதிரி, பதினாறு எழுத்துக்கு மிகாமல், அந்த நிதியாண்டில் ஒரு எண் ஒரு தடவைதான் வர வேண்டும்.

2025 ஆகஸ்டு நெய் பில் 5 சதவீதம் காட்டுகிறது. அப்போது நெய்க்கு 12. பட்டியல் பில்லுக்குள் இல்லாமல் பொதுவான ஒரு `Rates.xlsx` கோப்போடு இணைக்கப்பட்டிருக்கிறது. பழைய பில்லைத் திறந்ததும் எக்செல் இணைப்பைப் புதுப்பிக்கவா என்று கேட்கும், `Update` என்று அழுத்தியவுடன் புது விகிதம் உள்ளே வந்துவிடும். சேமிக்காமல் மூடிவிட்டு மறுபடி திறந்து `Don't Update` அழுத்திப் பாருங்கள், பழைய தொகை இருக்கும். அப்படியே `Data` > `Edit Links` > `Break Link`. புதிய பதிப்புகளில் இதன் பெயர் `Workbook Links`. அந்த பில்லில் ஃபார்முலா போய் மதிப்பு நிலையாக நிற்கும்.

பட்டியலை டெம்ப்ளேட்டுக்குள்ளேயே ஒரு ஷீட்டாக வைத்தால் இந்தக் கோளாறே வராது. ஒவ்வொரு பில்லும் தன் நாளின் விகிதத்தைத் தன்னோடு எடுத்துச் செல்லும். விகிதம் மாறும் நாளில் டெம்ப்ளேட்டை மட்டும் திறந்து திருத்தினால் போதும். கொடுத்த பில்லை அன்றே பிடிஎஃப் ஆகவும் சேமித்து வையுங்கள். மறு அச்சு கேட்டால் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், எக்செல் கோப்பைத் திறக்கவே வேண்டாம்.

சேமித்துவிட்டீர்கள், பிடிஎஃப்பும் இல்லை என்றால், வாங்கியவரிடம் இருக்கும் பிரதியின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றிரண்டு பில் என்றால் அதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். பல மாதத்து பில்கள் மாறிப்போயிருந்தால் மேற்கொண்டு எதையும் திறக்காமல், சேமிக்காமல், கோப்புகளை அப்படியே ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே அனுப்பிய ஜிஎஸ்டிஆர்-1 விவரங்களோடு ஆடிட்டரிடம் போங்கள். அன்று என்ன விகிதம் போட்டீர்கள் என்பதற்கு அந்த ரிட்டர்ன்தான் மிச்சமிருக்கும் சாட்சி.

விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய கடை என்றால், இன்னொரு வணிகருக்குப் போடும் பில்லுக்கு 1.8.2023 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அரசின் தளத்தில் பதிந்து ஐஆர்என் எண்ணும் க்யூஆர் குறியும் வாங்க வேண்டும். இந்த டெம்ப்ளேட்டை எவ்வளவு சரிசெய்தாலும் அது கிடைக்காது. அந்தக் கடைக்காரர்கள் என்னைக் கூப்பிட்டால், பில்லிங் மென்பொருளுக்கு மாறச் சொல்லி, பழைய பட்டியலை அதற்குள் ஏற்ற உதவி செய்துவிட்டு வந்துவிடுவேன்.